கைவசம் உள்ள வேலைகள்

எனக்குப் பொறாமை என்று எங்கள் ஆபீஸில் ஒரு பேச்சு அடிபடுகிறது. அடிபடட்டும். சிவசங்கரனைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த காகிதத்தில் குறையாக ஒரே ஒரு வார்த்தையைக் காட்டட்டும், இன்றைக்கே வேலையை விட்டுப் போகிறேன். காட்ட முடியாது. அந்த இரண்டு பக்கமும் முழுக்க முழுக்கப் புகழ்ச்சி. ஒருவனைப் புகழ்ந்து எழுதிவிட்டு இந்தப் பாடு படுகிறவன் மட்டாஞ்சேரியிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

லோவல் பார்ட்டன் கம்பெனியில் கப்பல் இலாகாவுக்கு நான்தான் ஹெட்கிளார்க், பெயர் வாஞ்சிநாதன். கொல்லைப்பக்கம் காயல், வாசல்பக்கம் பஜார் ரோடு, நடுவில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்கு. அந்தக் கிடங்கை ஒட்டினாற்போல் எங்கள் இலாகா. வருஷம் முழுக்கத் தும்மல். மழைக்காலத்தில் சாக்கு நாற்றம் வேறு. தலைக்கு மேலே மாடியில் தேயிலை இலாகா. அங்கே காற்றாடி உண்டு, காயலைப் பார்த்த ஜன்னல் உண்டு, வெள்ளைத் துணி விரித்த நீள மேஜையில் வரிசையாகக் கிண்ணம் வைத்து ருசி பார்ப்பார்கள். ஏலத்துக்குப் போகிறவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் கீழே தும்மிக்கொண்டிருக்கும்போது அவர்கள் மேலே உறிஞ்சிக் குடித்துத் துப்புகிற சத்தம் கேட்கும்.

அந்த மாடிக்குப் போக எனக்கும் ஆசை இருந்தது. ஒருநாளும் விண்ணப்பம் போட்டதில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்கள்? கேட்காமலே இருந்துவிட்டால் மரியாதை மிச்சம்.

சிவசங்கரன் எனக்கு அடுத்த குமாஸ்தா. பாலக்காட்டிலிருந்து வேலை தேடி வந்தவனை இந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்து விட்டவனே நான்தான். கஸ்டம்ஸுக்குப் போய் ஏற்றுமதிக் காகிதங்களில் முத்திரை வாங்குவது, சரக்கு ஏறும்போது கப்பலில் நின்று கப்பல் அதிகாரியிடம் ரசீது வாங்கி வருவது, இவைதான் அவன் வேலை. அந்த ரசீது லேசுப்பட்டதல்ல. 'சில மூட்டைகள் நனைந்திருக்கின்றன' என்று அந்த அதிகாரி ஓரத்தில் ஒரு வரி கிறுக்கிவிட்டால் போதும், பாங்க் பணம் தராது. நான் கப்பலேறிய காலத்தில் எனக்கு அந்த வரி இல்லாமல் ரசீது கிடைத்தது அபூர்வம். இவன் ஏறினால் அந்தக் கடுகடுத்த முகங்கள் எல்லாம் சிரிக்கின்றன. நாற்காலி போடுகிறார்கள். சாயா கொடுக்கிறார்கள். சுத்தமான ரசீதோடு இறங்கி வருகிறான்.

"எப்படிடா வாங்கினே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை அண்ணா, அவன் குழந்தை போட்டோ காட்டினான், பாத்தேன்" என்பான்.

எனக்கு யாரும் போட்டோ காட்டியதில்லை.

அதோடு நின்றதா? கப்பல் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து டெலிபோன் வந்தால், "மிஸ்டர் சிவசங்கரன் உண்டோ?" என்பார்கள். இல்லை, ஹெட்கிளார்க் பேசுகிறேன் என்றால், "சாரமில்லை, பின்னே விளிக்காம்" என்பார்கள், பரவாயில்லை, அப்புறம் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிடுவார்கள். வீட்டிலாவது நிம்மதி உண்டா? அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனால் என் மனைவி காமாக்ஷி, "இந்தச் சிவசங்கரன் வந்தா ஆமே நெறஞ்சாப்பல இருக்கு, கேட்டேளா" என்பாள். நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். நிறையவில்லை போலிருக்கிறது.

வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. எரிந்தது. எரிந்தால் அணைக்க வேண்டியது அவன் பொறுப்பு, என் பொறுப்பல்ல.

இப்படியிருக்கும்போது, அறுபத்திரண்டாம் வருஷம் மழை ஓய்ந்த சமயம், தேயிலை இலாகாவில் ஏலக் குமாஸ்தா வேலை ஒன்று காலியாயிற்று. வெளியாள் எடுப்பதற்கு முன்னால் கம்பெனிக்குள்ளேயே விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று பலகையில் ஒட்டினார்கள். அது என் பதவிக்கு ஒரு படி கீழே, சிவசங்கரனுடைய பதவிக்கு ஒரு படி மேலே.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அவன் என் மேஜையருகே வந்து நின்றான்.

"அண்ணா, ஒரு காரியம் சொல்லணும். மாடிக்கு அப்ளை பண்ணலாமான்னு இருக்கேன். உங்க சம்மதம் வேணும்."

"என் சம்மதம் எந்தினாக்கும்? நீ படிச்சவன், பண்ணு."

"இல்லை அண்ணா, நீங்க வேண்டாம்னா பண்ண மாட்டேன். சீதாலக்ஷ்மிக்கும் இந்தப் பொடி ஆகலை. நான் சட்டையக் கழட்டிப் போட்டா அவ இருமறா. அதாக்கும் ஒரு காரணம்."

சீதாலக்ஷ்மி அவன் பெண்டாட்டி. ஆஸ்துமாக்காரி. சட்டையிலே வருகிற மிளகுப்பொடிக்கே மூச்சு வாங்கும். என்ன சொல்ல முடியும்? "நன்னா வா" என்றேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். அந்த நிமிஷமே அவன் மாடி ஜன்னலோரம் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பது என் கண்ணில் தெரிந்தது. கோட்டு கூடப் போட்டிருந்தான். அது அவனுக்குப் பொருத்தமாக வேறு இருந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இலாகாவிலிருந்து இன்னொன்றுக்கு ஒருவன் கேட்டால், அவன் இருக்கிற இலாகாவிலிருந்து மாற்றச் சுருக்கம் என்று ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு பகுதி. முதல் பகுதியில் விவரங்கள்: பிறந்த தேதி, சேர்ந்த தேதி, இதுவரை பார்த்த பதவிகள், சம்பளப் படி, எடுத்த லீவு, வாங்கிய எச்சரிக்கைகள், இப்போது கைவசம் உள்ள வேலைகள். அதைப் படித்துப் பார்த்துச் சரி என்று அந்த ஆளே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் பகுதி ரகசியம். ஆள் எப்படி, விடலாமா கூடாதா என்று தலைமை எழுதுவது. அதை அந்த ஆளுக்குக் காட்டக்கூடாது.

சாதாரணமாக இதையெல்லாம் எங்கள் இலாகாவைப் பார்க்கும் வெள்ளைக்கார அசிஸ்டெண்ட் ஒருமுறை படித்துத் திருத்துவார். அவர் ஆறுமாத லீவில் சீமைக்குப் போயிருந்தார். அதனால் நான் எழுதுவது நேரே மானேஜர் பெல்லமி துரைக்குப் போகும். பெல்லமி கல்கத்தாவிலிருந்து புதிதாக வந்தவர். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

சிப்பந்திகள் விவகாரம் பார்க்கிற கபீர்தான் அதற்கான அச்சடித்த பாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். நல்ல மனிதர், ஆனால் மூக்கு நீளம்.

"சாமி, இது வியாழக்கிழமைக்குள்ள கிட்டணும். மாடியில அவசரப்படுத்தறாங்க. நம்ம சிவசங்கரனுக்குத்தான் கிட்டும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க."

"நாலென்ன, நாப்பது எழுதறேன்" என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். அவனுடைய பழைய காகிதங்களை எல்லாம் புரட்டினேன். எச்சரிக்கை ஏதாவது இருக்குமா என்று பார்த்தேன். இல்லை. தாமதமாக வந்ததுண்டா? இல்லை. லீவு? எனக்கே வெட்கமாக இருந்தது, என்னைவிடக் குறைவு. ஒரு மனிதன் இத்தனை வருஷத்தில் ஒரு தப்புக்கூடவா பண்ணாமல் இருப்பான்? அது என்ன அகம்பாவம்?

இல்லாததை எழுத முடியாது. முதல் பகுதியை அவனே படிப்பான். இரண்டாம் பகுதியில் கெட்டதாக எழுதினால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று துரை கேட்பார். 'வாஞ்சிநாதனுக்குப் பொறாமை' என்று கபீர் டீக்கடை வரைக்கும் கொண்டுபோவார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கெட்டவனை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். நல்லவனைத்தான் விடமாட்டார்கள். அவன் போனால் கப்பல் இலாகாவே படுத்துவிடும் என்று எழுதினால்? எந்த மானேஜர் விடுவார்? அவனுக்கும் பெருமை, எனக்கும் பழியில்லை.

'கைவசம் உள்ள வேலைகள்' என்ற இடத்துக்கு வந்தேன். கஸ்டம்ஸ் காகிதங்கள், கப்பல் ரசீது என்று எழுதினேன். இரண்டு வரி. பார்க்கவே ஒன்றுமில்லாமல் இருந்தது. இந்த இரண்டு வேலைக்கு எந்தப் பயலையும் வைக்கலாமே என்று துரை சொல்லிவிடுவார். ஆகவே சேர்த்தேன். சரக்குப் பத்திரங்களைச் சரிபார்த்து பாங்குக்கு அனுப்புவது. கப்பல் கூலி விகிதங்களைக் கணித்து ஏஜெண்டுகளிடம் பேசி முடிப்பது. சரக்கு குறைந்தாலோ நனைந்தாலோ நஷ்டஈடு கேட்டு இன்ஷ்யூரன்ஸ்காரர்களுக்குக் கடிதம் எழுதுவது. மாதாந்திர அறிக்கை. படகுக்காரர்களை ஏற்பாடு செய்வது. பாரத்தில் இடம் போதாமல் தனித்தாள் வைத்து ஒட்டினேன்.

இதெல்லாம் யார் செய்கிற வேலை என்று கேட்டால், நான் செய்கிற வேலை. அதனாலென்ன? அவனும் பக்கத்தில் இருந்து கைகொடுப்பவன்தானே. பத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறான், கடிதத்துக்கு வேண்டிய நம்பரைத் தேடித் தருகிறான். முழுப் பொய் என்று யார் சொல்ல முடியும்? என் வேலையை அவன் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதைவிடத் தாராளம் உண்டா?

அவனைக் கூப்பிட்டுக் கையெழுத்துக்குக் கொடுத்தேன். படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"அண்ணா, கிளெய்ம் கடுதாசி நீங்கள்னா எழுதறேள்?"

"நீ எடுத்துக் கொடுக்காட்டா நான் எங்கேர்ந்து எழுதறது?"

"பாங்க் டாக்குமெண்டும் நீங்கதான்..."

"நீ இல்லாத அன்னிக்கு எத்ர கஷ்டப்பட்டேன்னு நோக்குத் தெரியுமோ? போடு கையெழுத்தை. மதி, மதி, அதிகம் பேசாதே."

அவன் பேனாவைத் திறந்தான். "எனக்கு இந்த வேலை கிடைக்கணும்னு உங்க பேரையே எனக்கு எழுதித் தந்திருக்கேள். எங்கப்பா கூட இப்படிப் பண்ண மாட்டார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அவன் போனபிறகு இரண்டாம் பகுதியை எழுதினேன். 'ஈடு இணையற்ற ஊழியர். இலாகாவின் முக்கியப் பணிகள் யாவும் இவர் ஒருவரையே நம்பி இருக்கின்றன. இவரை விடுவிக்க இயலாது.' உறையில் போட்டு ஒட்டி கபீரிடம் கொடுத்தேன். கபீர் உறையைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம் உண்டு சாமி" என்று சிரித்தார்.

அன்று வீட்டில் காமாக்ஷியிடம் சொன்னேன், சிவசங்கரனைப் பற்றி நன்றாக எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று. அவளுக்கு ஒரே சந்தோஷம். "உங்களுக்கு நல்ல மனசாக்கும்" என்று சொல்லி எனக்குக் கூடுதலாக ஓர் அடை போட்டாள். நன்றாகச் சாப்பிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு வயிறு எரியாமல் தூங்கினேன்.

அடுத்த வாரம் துரை கூப்பிட்டனுப்பினார்.

அவர் மேஜையில் என் சுருக்கம் விரித்துக் கிடந்தது. ஒட்டிய தனித்தாள் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னார். எங்களைப் போன்ற ஹெட்கிளார்க்குகளை அப்படி உட்காரச் சொல்வது வழக்கமில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"மிக விவரமாக எழுதியிருக்கிறீர். இந்தக் கம்பெனியில் இவ்வளவு பொறுப்பாக எழுதிய ஒரு சுருக்கத்தை நான் பார்த்ததில்லை" என்றார் துரை.

"என் கடமை, சார்."

"சரக்குப் பத்திரங்கள், பாங்க். இதைச் சிவசங்கரன் செய்கிறார்?"

காகிதத்தில் அவன் கையெழுத்து இருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது. இல்லை என்றால் நான் பொய் எழுதினேன் என்றாகும். "ஆமாம் சார்" என்றேன்.

"கப்பல் கூலிப் பேச்சுகள்?"

"ஆமாம் சார்."

"நஷ்டஈட்டுக் கடிதங்கள்? போன மாதம் லண்டனுக்குப் போன அந்த சுக்கு விவகாரக் கடிதம் பிரமாதமாக இருந்தது. அதுவும் அவர்தான்?"

அந்தக் கடிதத்தை நான் மூன்று தரம் கிழித்து எழுதியிருந்தேன். ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு மனப்பாடம். துரை அதை ஞாபகம் வைத்திருக்கிறார். பிரமாதம் என்கிறார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

"ஆமாம் சார். அவர்தான்."

துரை தலையை ஆட்டினார். "நீர்?"

"நான் மேற்பார்வை பார்க்கிறேன் சார்."

"நல்லது. நீர் சொல்வது முழுக்கச் சரி. சிவசங்கரனை விட முடியாது. அப்படிப்பட்டவரை ஏலக் குமாஸ்தாவாக மாடிக்கு அனுப்புவது பைத்தியக்காரத்தனம்."

எனக்கு உள்ளே பூ விரிந்தது. ஒரு நிமிஷம்தான்.

"இந்த வேலைகளையெல்லாம் செய்கிறவரே அதற்குரிய பதவியில் இருப்பதுதான் முறை. அடுத்த மாதம் முதல் அவர் கப்பல் இலாகா ஹெட்கிளார்க். தேயிலைக்கு எனக்கு ஓர் ஆள் வேண்டும். அனுபவமுள்ள ஆள், உடனே விடக்கூடிய ஆள். நீர் போகலாம். உம்முடைய சம்பளம் குறையாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே காற்று நன்றாக இருக்கும்."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. நன்றி சார் என்று சொல்லியிருப்பேன். அதுதானே சொல்லிப் பழக்கம்.

மாடியில் தேயிலை ஹெட்கிளார்க் விஸ்வேஸ்வரன். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். அவனுக்குக் கீழே நான் ஏலக் குமாஸ்தா. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட ஜன்னலும் காற்றாடியும் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் என் நாற்காலியில் அவன். டெலிபோன் வந்தால், "ஹெட்கிளார்க் பேசறேன்" என்று அவன் சொல்வான். அவன் சொன்னால் யாரும் வைத்துவிடவும் மாட்டார்கள்.

காமாக்ஷியிடம் சொன்னபோது அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சிவசங்கரன் ஹெட்கிளார்க்கா? கொள்ளாமே, ரொம்ப நன்னாருக்கே!" என்றாள். பிறகுதான், "அப்போ நீங்க?" என்று கேட்டாள். முதல் வார்த்தை எது வந்தது என்று பாருங்கள்.

துரை இன்னொன்றும் சொல்லியிருந்தார். மாற்றம் என்றால் எனக்கும் ஒரு மாற்றச் சுருக்கம் எழுத வேண்டுமே. அசிஸ்டெண்ட் சீமையில். அதனால் முதல் பகுதியைப் பொறுப்பேற்கிறவரே எழுதட்டும், இரண்டாம் பகுதியைத் தானே எழுதிக்கொள்கிறேன் என்றார். கபீர் பாரத்தைக் கொண்டுவந்து நேரே சிவசங்கரன் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது என் பக்கம் பார்த்தார். அந்த மனிதர் பேசாமல் போனது அன்றைக்குத்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். சிவசங்கரன் பாரத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். உட்காரவில்லை. நாற்காலி இன்னும் என்னுடையதுதான் என்பதுபோல் நின்றான்.

"அண்ணா, பெல்லமி சாயிப்பு என்கிட்ட சொன்னார். என்னை விட மனசில்லாம, 'இவனை விடமுடியாது'ன்னு எழுதினேளாம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபம் இருக்குமென்று பார்த்தேன். அவனுக்கு மாடி போச்சு, சீதாலக்ஷ்மிக்கு இந்தப் பொடி இனியும் தீராது, நான்தான் கெடுத்தேன். இரண்டு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க என்மேல இவ்வளவு பிரியம் வெச்சிருப்பேள்னு நேக்குத் தெரியாமப் போச்சு" என்றான். "அதுக்கு உங்க வேலையே போற மாதிரி ஆயிடுத்தே! நான் சாயிப்புகிட்டப் போய் வேண்டாம்னு சொல்லிடறேன் அண்ணா. அந்தக் கடுதாசியெல்லாம் நீங்க எழுதினதுன்னு சொல்றேன். நான் சுமந்து கொண்டு கொடுத்தவன்தானே?"

"சொல்லாதே."

"ஏன்?"

"சொன்னா நம்ம ரெண்டு பேரும் பொய்க் கையெழுத்துப் போட்டோம்னு ஆகும். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும். சீதாலக்ஷ்மிக்கு மருந்து யார் வாங்கறது?"

அவளுக்காகச் சொன்னேனா? என் கையெழுத்துக்காகச் சொன்னேன். துரை முன்னால் பொய்யன் என்று நிற்க என்னால் ஆகாது. அவள் பெயர் வசதியாக வாயில் வந்தது. அவன் அதையும் நல்ல மனசு என்றே எடுத்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தான். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி. லீவு. எச்சரிக்கை இல்லை. அழகாக, கோடு தப்பாமல் எழுதினான். அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினான்.

"கைவசம் உள்ள வேலைகள்" என்று வாய்விட்டுப் படித்தான். "அண்ணா, இங்கே என்ன எழுதட்டும்?"

நான் மேஜையிலிருந்த மையொற்றியை நகர்த்தி வைத்தேன்.

"பாங்க் டாக்குமெண்ட், கப்பல் கூலி, கிளெய்ம், மாச ரிப்போர்ட்..." என்று அவனே சொல்லிக்கொண்டு எழுதப் போனான். "இதெல்லாம் நீங்க பண்ணினதுன்னு ஒரு காயிதத்துலயாவது இருக்க வேண்டாமா? எழுதறேன்."

எழுதினால் என்ன ஆகும்? துரை இரண்டு சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒரே இலாகா, ஒரே வேலை, இரண்டு ஆள். எது பொய் என்று கேட்பார்.

நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அதெல்லாம் உன் வேலைடா. ஏற்கனவே உன் பேருல எழுதியாச்சு."

"அப்போ உங்களுக்கு?"

"மேற்பார்வைன்னு போடு."

"அவ்வளவுதானா அண்ணா?"

"அவ்வளவுதான்."

இருபத்திரண்டு வருஷத்து வேலை. நஷ்டஈட்டுக் கடிதம் எழுத மட்டாஞ்சேரியில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தவன். ஒவ்வொன்றாக நானே என் வாயால் அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டேன். அவன் எழுதினான். அந்தக் கட்டத்தில் அது மூலையில் உட்கார்ந்திருந்தது. மீதி இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. காகிதத்தை என் பக்கம் திருப்பினான். விவரங்கள் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

கிடங்கிலிருந்து மிளகு நெடி வந்தது. வழக்கமாக இந்நேரம் நான் தும்மியிருப்பேன்.

சிவசங்கரன் காகிதத்தை மடிக்கவில்லை. அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன், திடீரென்று உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கி அழ ஆரம்பித்தான். சின்னக் குழந்தை மாதிரி, சத்தமாக.

நாற்காலி போனது எனக்கு. பேர் போனது எனக்கு. அழ வேண்டியவன் நான். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அதையும் எனக்காக அவனே செய்துகொண்டிருந்தான்.